அடுத்து கூப்பிட வேண்டிய தேதி

எங்கள் தெரு விருதுநகரின் ஓரத்தில் இருக்கிறது. பட்டாசு ஆலை வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போகும் முக்கு பக்கத்திலேயே இருப்பதால், காலையில் அரைமணி நேரம் தெரு திருவிழா மாதிரி இருக்கும். தூக்குவாளியும் கையுமாக ஓடுகிறவர்கள், "ஏலே, வண்டிய நிப்பாட்டுலே" என்று டிரைவரைத் திட்டுகிறவர்கள், நடந்துகொண்டே தலை பின்னுகிறவர்கள். வேன் போனதும் ஒரு சத்தம் இருக்காது. நானும் பல வருடம் அந்த நேரத்தில் சிவகாசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள்தான். அதனால் எல்லாரும் போன பிறகு எங்கள் தெரு எப்படி இருக்கும் என்பதே வேலை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

சிவகாசியில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அட்டையில் எத்தனை பெட்டி விழும், வெட்டியது போக எவ்வளவு கழிவு, எத்தனை கலர், ஒட்டுக்கூலி எவ்வளவு என்று பார்த்து ஒரு பெட்டிக்கு விலை சொல்ல வேண்டும். பெரிய முதலாளி இருந்தவரை ஓடியது. அவருடைய பிள்ளைகள் கைக்கு வந்ததும், ஆனி மாதம் பெட்டிப் பிரிவையே மூடிவிட்டார்கள். மெஷினை விற்றார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். அந்தப் பெட்டிக்கும் நான்தான் விலை போட்டிருந்தேன்.

எனக்கு நாற்பதைத் தொடுகிற வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டேன், அதனால் பேச ஆட்களும் குறைந்துபோனார்கள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த வாடகை மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒரே அண்ணன் சென்னையில். வேலை போன செய்தி கேட்டதும் கூப்பிட்டான்.

"எதுக்கு அங்கன தனியா கெடக்க? இங்க ஒரு ரூம் சும்மாத்தான இருக்கு. வந்திரு."

போனை அண்ணி வாங்கினாள். "நீங்க இருந்தா பிள்ளைகளுக்கும் ஒரு துணையா இருக்கும்" என்றாள்.

எனக்குப் புரிந்தது. காலையில் பிள்ளைகளைக் கிளப்பி, மத்தியானம் துணி மடித்து, விருந்தாள் வந்தால் அந்த ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் அத்தை. அப்படி ஒரு அத்தையை எங்கள் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறேன். நல்லவள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று சாகிறவரை யாருக்கும் தெரியாது. கையில் இருந்ததைக் கொண்டு தை வரைக்கும் வாடகையும் சாப்பாடும் சமாளிக்கலாம் என்று கணக்குப் பார்த்தேன். "தை பொறக்கட்டும்ணே. அதுக்குள்ள வேலை கெடைக்கலைன்னா வந்திருதேன்" என்றேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று அவன் சிரித்தான். அந்த வழி சென்னைக்குத்தான் போகும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். வேலை தேடும் தளங்களில் போட்டேன், அச்சகத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த நம்பர்களுக்கெல்லாம் பயோடேட்டா அனுப்பினேன், சிவகாசியில் நேரிலும் ஏறி இறங்கினேன். எங்கே எதற்குப் போட்டேன் என்று ஒன்றும் குறித்து வைக்கவில்லை. பெட்டி பெட்டியாக விலை நினைவில் வைத்திருந்தவளுக்கு இது மறந்துவிடுமா என்ற திமிர்.

ஒருநாள் மதுரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "எங்க கம்பெனிக்குப் போட்டிருக்கீகளேம்மா" என்று கம்பெனிப் பெயரைச் சொன்னார். எனக்கு எந்தக் கம்பெனி என்று பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "ஆமா சார், உங்க பட்டாசுப் பெட்டியெல்லாம் பாத்திருக்கேன், பிரிண்ட் ரொம்ப நல்லாருக்கும்" என்று அடித்துவிட்டேன்.

"நாங்க மருந்து பாட்டிலுக்கு லேபிள் அடிக்கோம்மா" என்றார். பாவம், மரியாதையாகத்தான் போனை வைத்தார்.

அன்றைக்கே கணினியில் ஒரு ஷீட் திறந்தேன். எஸ்டிமேட் போடுகிறவளுக்கு அது ஒன்றும் வித்தையில்லை. ஒரு கம்பெனிக்கு ஒரு வரிசை. கம்பெனி பெயர், என்ன வேலை, எங்கே பார்த்தேன், எந்தத் தேதியில் போட்டேன், அங்கே யாரிடம் பேசினேன், அவர் நம்பர், கடைசியாகப் பேசிய தேதி, என்ன சொன்னார், அடுத்து கூப்பிட வேண்டிய தேதி. கடைசியில் நிலவரம்: காத்திருப்பு, நேர்முகம், முடிந்தது. அடுத்து கூப்பிட வேண்டிய தேதி தாண்டிப்போனால் அந்தக் கட்டம் தானாகச் சிவப்பாக வேண்டும் என்றும், இன்றைய தேதியானால் மஞ்சளாக வேண்டும் என்றும் விதி போட்டு வைத்தேன். தினமும் அந்தத் தேதிப்படி வரிசைப்படுத்தினால் செய்ய வேண்டியது தானாக மேலே வந்து நிற்கும்.

எனக்கு நானே சில சட்டங்களும் போட்டுக்கொண்டேன். பயோடேட்டா அனுப்பி ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தடவை கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் அதே அளவு விட்டு இன்னொரு தடவை. அதற்கும் இல்லையென்றால் 'முடிந்தது'. யார் பதில் போட்டாலும் அன்றைக்கே திருப்பிப் போட வேண்டும், ஆள் வேண்டாம் என்று சொன்னவருக்கும் ஒரு நன்றி. முடியாத எந்த வரிசையிலும் அடுத்த தேதிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

வேன் போனதும் காபியோடு உட்கார்ந்து ஷீட்டைத் திறப்பேன். இன்றைக்கு இன்னாரோடு பேசு என்று அது சொல்லும். வேறு யாரும் எனக்கு அப்படிச் சொல்வதாக இல்லை. மஞ்சள் கட்டம் இருக்கிற நாளில் தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் போனை எடுப்பேன். போனில் சேலை தெரியாது என்று எனக்கும் தெரியும். மஞ்சளும் சிவப்பும் இல்லாத நாட்கள்தான் மோசம். ஒருநாள் சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா தண்ணீர் வந்துவிட்டதா என்று மாடிப்படியில் நின்று கேட்டபோது, பதில் சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு, அடுத்த வாரத்துக்கென்று போட்டிருந்த தேதி எதையாவது இன்றைக்கு மாற்றிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு கம்பெனியில் போன் எடுக்கிற பெண் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"முந்தாநேத்துத்தானக்கா கூப்பிட்டீக? அதுக்குள்ள என்ன மாறிரும்?"

அசடு வழிந்தேன். அந்த வரிசையில் தேதியைப் பழையபடி மாற்றி வைத்தேன். வேலைக்காகக் கூப்பிடுகிறேனா, பேச்சுக்காகக் கூப்பிடுகிறேனா என்று எனக்கே கோபமாக வந்தது.

ஆவணி, புரட்டாசி வந்ததும் சிவகாசியில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. தீபாவளி ஆர்டர். பட்டாசுக்குப் பெட்டி போக வேண்டும், லோடு ஏற வேண்டும். நான் யாரைக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "சீசன் நேரம்மா, தீவாளி கழிச்சுப் பாப்போம்." எங்கள் பக்கம் இது தேதி சொன்ன மாதிரிதான். கல்யாணம் பேசுவதும் வீடு பூசுவதும் தீவாளி கழிச்சுத்தான். எந்தத் தேதி என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், கேட்டால் வெளியூரா என்பார்கள். நானும் கேட்கவில்லை. அடுத்து கூப்பிட வேண்டிய தேதி என்ற கட்டத்தில் 'தீபாவளி கழித்து' என்றே அடித்து வைத்தேன். ஒன்றல்ல, ஏழெட்டு வரிசையில்.

அதில் ஒன்று சாத்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு பெட்டிக் கம்பெனி. ஆபீசைப் பார்த்துக்கொள்கிற அம்மா என்னிடம் பொறுமையாகப் பேசியவர். என் பழைய கம்பெனி பெட்டிகளைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். "எங்க எஸ்டிமேட் ஆளு சீசனோட நின்னுக்கிருதேங்காரு. தீவாளி கழிச்சு நீங்களே ஒரு தடவ கூப்பிடுங்க, எனக்கு ஞாபகம் இருக்காது" என்றார். நானே கூப்பிட வேண்டும் என்றால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு ருசித்தது.

தீபாவளி வந்தது. ஊரே வெடித்துத் தீர்த்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். மறுவாரம் பட்டாசு ஆலைகள் விடுமுறை விட்டதில் வேன்கள் வரவில்லை, தெருவில் எல்லாரும் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்ள ஆயிரம் இருந்தது. நான் தினமும் ஷீட்டைத் திறந்தேன். மேலே ஒன்றிரண்டு மஞ்சள் வந்தது, பேசினேன், தள்ளி வைத்தேன். சிவப்பு ஒன்று கூட இல்லை. ஒரு பாக்கி வைக்காமல் நடத்துகிறேன் என்று எனக்குப் பெருமைதான். சிவகாசிக்காரர்கள் யாரும் கூப்பிடாததை நினைத்து அவர்களைத் திட்டினேன். கார்த்திகையும் பாதி போய்விட்டது. அண்ணன் கூப்பிட்டு, ரூமில் இருந்த பழைய சாமானெல்லாம் எடுத்தாகிவிட்டது என்றான். தை பிறக்க ஒன்றரை மாதம்தான் இருந்தது.

அந்த வாரம் அச்சங்குளத்திலிருந்து என்னோடு வேலை பார்த்தவள் வந்தாள். டெஸ்பாட்சில் இருந்தவள், என்னைவிட இரண்டு வயது இளையவள், என்னோடு சேர்த்து இனிப்புப் பெட்டி வாங்கியவள். அவள் வீட்டில் எல்லாருக்கும் பட்டாசு வேலைதான். இவள் மட்டும் அங்கே போக மாட்டேன் என்று வேறு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இந்த ஷீட் வேண்டுமாம். போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். என் விவரங்களை அழித்துவிட்டுத் தலைப்பை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏக்கா, இது என்ன, அடியில அம்புட்டுப் பேரு கெடக்காக? தீவாளி கழிச்சுன்னு போட்டுருக்கீக. தீவாளி கழிஞ்சு எம்புட்டு நாளாச்சு?"

போனை வாங்கிப் பார்த்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தேதிப்படி வரிசைப்படுத்தினால் தேதிகள் மேலே நிற்கும், எழுத்தாக இருப்பதெல்லாம் தேதிகளுக்குக் கீழே போய்விடும். கட்டத்தில் தேதியே இல்லாதபோது, தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்கிற விதிக்கும் அங்கே வேலையில்லை. எத்தனை தீபாவளி போனாலும் அது சிவக்காது. நான் தினமும் மேலே இருக்கிற நாலைந்து வரிசையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவள். ஊருக்கே தெரிந்த தேதி என்று நான் எழுதியது அந்த ஷீட்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். யாரும் என்னை மறக்கவில்லை. அவர்கள் கூப்பிடச் சொன்னார்கள், நான் கூப்பிடவில்லை.

"இப்பயே கூப்பிடுங்கக்கா, வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காதீக" என்றாள். காபி ஆறிப்போனது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சாத்தூர் ரோட்டுக் கம்பெனி அம்மாவை முதலில் கூப்பிட்டேன்.

"நீங்களா?" என்றார். என் பெயரைச் சொல்வதற்கு முன்பே குரல் தெரிந்துவிட்டது. "தீவாளி முடிஞ்சதும் கூப்பிடுவீக கூப்பிடுவீகன்னு பாத்தேன். வரலைன்னதும் வேற எடத்துல சேந்துட்டீக போலன்னு நெனச்சேன். போன வாரந்தான் மதுரையில இருந்து ஒரு பையனப் போட்டோம்."

சரிங்கம்மா என்று சொல்லிப் போனை வைத்தேன். கோபத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. அழுதேன். கூட ஒரு ஆள் இருந்து அழுது எத்தனையோ காலமாகியிருந்தது. அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போக வேண்டும் என்று கிளம்பினாள்.

அவள் போன பிறகு அந்தக் கட்டங்களையெல்லாம் சரிசெய்தேன். 'தீபாவளி கழித்து' என்பதை எடுத்து, என்ன சொன்னார் என்ற கட்டத்தில் போட்டேன். அடுத்த தேதிக் கட்டத்தில் தேதியைத் தவிர எதை அடித்தாலும் ஏற்றுக்கொள்ளாதபடி கட்டுப்பாடு வைத்தேன். மற்றவர்களை அடுத்தடுத்த நாட்களில் கூப்பிட்டேன். இரண்டு இடத்தில் ஆள் போட்டாகிவிட்டது, ஒரு இடத்தில் வியாபாரமே இல்லை என்றார்கள், மற்றவர்கள் பொங்கல் கழிச்சுப் பாப்போம் என்றார்கள். இந்தத் தடவை விடவில்லை. "தையில எந்தத் தேதி சார் கூப்பிடட்டும்?" என்று கேட்டேன். ஒருவர் சிரித்துவிட்டார்.

சாத்தூர் ரோட்டு வரிசையில் நிலவரக் கட்டத்தில் 'முடிந்தது' என்று அடிக்கப் போனேன். சட்டப்படி வேண்டாம் என்றவருக்கும் அன்றைக்கே நன்றி சொல்ல வேண்டும், அதைச் செய்திருக்கவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. அந்த அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். தேதியைத் தவறவிட்டது என் பிழைதான், காத்திருந்ததற்கு நன்றி, புது ஆள் சரிப்படாவிட்டால் மட்டும் சொல்லுங்கள் என்றேன். பதில் வந்தது: 'பையன் எப்படின்னு இனித்தான் தெரியும். மார்கழி பிறக்கவும் ஒரு தடவ கேளுங்க.' எந்தத் தேதி என்று அவரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது. நானே காலண்டரைப் பார்த்து மார்கழி இரண்டாம் நாளுக்கு உரிய தேதியை அடித்தேன். கட்டம் ஏற்றுக்கொண்டது.

அந்த நாள் மஞ்சளாக மேலே வந்து நின்றது. கூப்பிட்டேன்.

"சரியா நேரம் பாத்துத்தான் கூப்பிடுதீக" என்றார். "அந்தப் பையன் பஸ்ஸுல அலைய முடியலைன்னு நேத்தோட நின்னுக்கிட்டான். எஸ்டிமேட்டும் ஒண்ணும் தேறல, ஒரு ஆர்டருல கழிவு போடாமலே வெல சொல்லிட்டான். நீங்க நாளைக்கு வாரீகளா? மார்கழின்னு பாப்பீகளோ?"

"வேலை இல்லாதவளுக்கு மார்கழி என்ன, ஆடி என்ன. வாரேம்மா" என்றேன்.

மறுநாள் ஒரு புதுப் பெட்டியை மேஜையில் வைத்து விலை போடச் சொன்னார்கள். எனக்குப் பழகிய மாதிரிப் பட்டாசுப் பெட்டிதான், மூடி மட்டும் வேறு. கையால் விரித்துப் பார்த்து, அட்டையில் கிடத்திப் பார்த்துச் சொன்னேன். முதலாளி அந்த அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போதும். திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஷீட்டைத் திறந்தேன். முடியாமல் இருந்த ஒவ்வொரு வரிசைக்கும், வேலை கிடைத்துவிட்டது, இனிக் காத்திருக்க வேண்டாம், நன்றி என்று எழுதி அனுப்பினேன். ஒவ்வொன்றாக 'முடிந்தது' போட்டேன். அச்சங்குளத்துக்காரிக்குப் போன் செய்து, என்னைப் பொங்கல் கழிச்சுக் கூப்பிடச் சொன்னவர்களின் நம்பரை எல்லாம் கொடுத்தேன். "தேதி போட்டு வச்சுக்கோ, எழுத்துல போட்டுராத" என்றேன். "நானென்ன உங்கள மாதிரியா" என்றாள்.

கடைசியாக அண்ணனைக் கூப்பிட்டேன். வேலை கிடைத்துவிட்டது, சென்னைக்கு வரவில்லை என்றேன்.

"அப்படியா, நல்லதாப் போச்சு" என்றான். பின்னாலிருந்து அண்ணி என்னவாம் என்று கேட்டாள். "வரலையாம்" என்றான். அதற்குப் பிறகு போனில் யாரோ நீளமாக மூச்சு விட்டது கேட்டது. அண்ணியோ, அண்ணனோ தெரியவில்லை. அந்த ரூமில் பெரியவன் படிக்க மேஜை போட்டுவிடலாம் என்று அண்ணி சொன்னதும் கேட்டது. குரலில் அத்தனை சந்தோஷம். பொங்கலுக்கு முடிந்தால் ஒரு நாள் வந்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்தான்.

நான் கேட்டதுதான் நடந்தது. அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் ஆனியிலிருந்து இத்தனை பேரைக் கூப்பிட்டேன். 'வந்திருக்கலாமேம்மா' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.